மாத முடிவில 540 ரூபா இடிக்குது: கடன்பட்டோர் பேரேடு தெரிஞ்ச ஆக்கள் வாருங்கோ

கிளாக்கர்பிள்ளை · செவ்வாய், இரவு 8.40

வணக்கம். யாழ்ப்பாணம் ஸ்டான்லி வீதிப் பக்கம் ஒரு ஹாட்வெயார் கடையில கணக்கு எழுதுறன். சேர்ந்து அஞ்சு மாசம். உயர்தரத்தில கொமேஸ் படிச்சனான், இப்ப ஏஏடீ செய்து கொண்டிருக்கிறன். கடையில எல்லாம் இன்னும் புத்தகக் கணக்குத்தான். பெரிய சீ.ஆர். கொப்பியில விற்பனை நாளேடு, காசேடு, கடன்பட்டோர் பேரேடு. மேசன்மார், கொந்திராத்துக்காரர், சின்னக் கடைக்காரர் எண்டு 143 பேருக்குக் கடன் குடுக்கிறம்.

செப்டெம்பர் மாசம் முடிச்சன். பொதுப் பேரேட்டில கடன்பட்டோர் கட்டுப்பாட்டுக் கணக்கு இப்பிடி வருது:

ஆரம்ப மீதி 1,842,650
கடன் விற்பனை 2,316,480
கழிக்க: வந்த காசும் செக்கும் 2,104,300
கழிக்க: உட்திரும்பல் 38,760
கழிக்க: கொடுத்த கழிவு 12,540
இறுதி மீதி 2,003,530

143 பேரின்ர மீதியையும் ஒவ்வொண்டாய்க் கூட்டினால் 2,004,070. பட்டியல் 540 ரூபா கூட. நாலு தரம் கூட்டிப் பாத்திட்டன், ரெண்டு தரம் கல்குலேட்டரை மாத்தியும் பாத்தன். அதே 540. ஓகஸ்ட் மாசம் சதத்துக்குச் சதம் சரியாய் வந்தது.

முதலாளி ஐயா சொல்லுறார், "ஐந்நூறு ரூபாய்க்கு ஏன் பிள்ளை கறண்டை எரிக்கிறாய், தொங்கல் கணக்கில போட்டிட்டு வீட்டை போ" எண்டு. எனக்கு மனம் வரேல்லை. எங்கயிருந்து தேடத் தொடங்கிறது?

சுன்னாகத்தான் · 8.52

தங்கச்சி, காசு குறைஞ்சால் முதல்ல லாச்சியைப் பாருங்கோ. எங்கட கடையிலயும் இப்பிடித்தான் நானூறு, ஐந்நூறு எண்டு ஒவ்வொரு கிழமையும் இடிச்சுது. கடைசியில பாத்தால், வேலைக்கு நிண்ட பொடியன் பிளேன்ரீக்கும் வடைக்கும் லாச்சியில எடுத்திட்டு எழுதாமல் விட்டிருக்கிறான். ஆளைக் கூப்பிட்டு நல்லமாதிரிக் கேளுங்கோ, சொல்லுவான்.

ஒன்பதாம் வாய்ப்பாடு · 9.05

540 ஐ 9 ஆல பிரியுங்கோ. 60! மிச்சமில்லை. அப்ப இலக்கம் இடம் மாறியிருக்குது, வேற ஒண்டுமில்லை. 9 ஆல பிரிஞ்சு 60 வந்தால் நூறாம் இடமும் பத்தாம் இடமும் மாறியிருக்குது, ரெண்டு இலக்கத்துக்கும் இடையில 6 வித்தியாசம். 710 ஐ 170 எண்டும், 820 ஐ 280 எண்டும், 930 ஐ 390 எண்டும் எழுதியிருப்பியள். அதை மட்டும் தேடுங்கோ, அரை மணித்தியாலத்தில பிடிச்சிடலாம். நான் இப்பிடி எத்தினையோ பிடிச்சிருக்கிறன்.

பழைய பேரேடு · 9.31

ஒன்பதாம் வாய்ப்பாடு தம்பி சொன்னது பிழையில்லை, ஆனால் "வேற ஒண்டுமில்லை" எண்டதுதான் பிழை. அதே 540 இன்னும் ரெண்டு வழியில வரும். 600 ஐ 60 எண்டு எழுதினாலும் 540. 270 ரூபாயைச் செலவுப் பக்கத்துக்குப் பதிலாய் வரவுப் பக்கம் எழுதினாலும் 540, ஏனெண்டால் பக்கம் மாறினால் வித்தியாசம் ரெண்டு மடங்கு. இதெல்லாம் ஒரேயொரு பிழை நடந்தது எண்டு நம்பினால்தான். ரெண்டு பிழை நடந்து ஒண்டை ஒண்டு தின்று மிச்சம் 540 எண்டு நிக்கிறதும் இருக்கு. நான் பலநோக்குக் கூட்டுறவுச் சங்கத்தில கணக்கு எழுதின காலத்தில, சின்ன வித்தியாசத்துக்குத்தான் கூடப் பயம். பெரிசு எண்டால் ஆள் எங்கயோ வெளியிலதான் நிற்கும்.

பிள்ளை, ரெண்டு கேள்வி. பரீட்சை மீதி சமனோ? ஓகஸ்ட் மீதிகளைக் கொண்டுவந்து எழுதினது சரியோ?

கிளாக்கர்பிள்ளை · 9.48

பரீட்சை மீதி சமன் ஐயா. ஓகஸ்ட் மீதி 143 பேருக்கும் பாத்தன், சரி. சுன்னாகத்தான் அண்ணை, லாச்சிக் காசு சரி. இது ஆக்கள் எங்களுக்குத் தரவேண்டிய கடன்.

கொமேஸ் வாத்தி · 10.02

பரீட்சை மீதி சமனெண்டால் கணக்கு சரிதானே. பிறகு ஏன் தேடுவான்? பட்டியலைக் கூட்டினதில பிழையாய் இருக்கும்.

பழைய பேரேடு · 10.20

வாத்தியார், தனித்தனி ஆக்களின்ர பேரேடு பரீட்சை மீதிக்குள்ள வாறதில்லை. கட்டுப்பாட்டுக் கணக்கின்ர ஒரு மீதிதான் வரும். நாளேட்டின்ர மொத்தத்தைப் பிழையாய்க் கூட்டினால், அந்தப் பிழை மொத்தமே கடன்பட்டோருக்கு வரவு, விற்பனைக்குச் செலவு. ரெண்டு பக்கமும் ஒரே பிழை, பரீட்சை மீதி சிரிச்சுக்கொண்டு சமனாய் நிக்கும்.

பரீட்சை மீதி சமனெண்டதால இன்னொண்டும் விளங்குது. உங்கட முதலாளி சொல்லுற தொங்கல் கணக்குக்கு இங்க வேலையே இல்லை. தொங்கலில 540 போட்டால் அதுக்கு மற்றப் பக்கம் எதை எழுதுவியள்? சமனாய் நிக்கிறதைக் குழப்பித்தான் போடவேணும்.

பிள்ளை, நாளைக்குப் பென்சில் எடுங்கோ. நாளேட்டில ஒரு பில்லைப் பாருங்கோ, பேரேட்டில அந்த ஆளின்ர பக்கத்துக்குப் போங்கோ. தொகையும் ஆளும் பக்கமும் சரியெண்டால் ரெண்டு இடத்திலயும் சின்னச் சரி போடுங்கோ. காசேட்டுக்கும், உட்திரும்பலுக்கும், கழிவுக்கும் அப்பிடியே. எல்லாம் முடிஞ்ச பிறகு பேரேட்டை முதல் பக்கத்திலயிருந்து பிரட்டி, சரி விழாத வரி எது எண்டு பாருங்கோ. ஆக்கள் முதல் பாதியோட நிப்பாட்டிவிடுவினம், கள்ளன் ரெண்டாம் பாதியிலதான் இருப்பான்.

கணனிக்காரன் · 10.41

சொவ்ட்வெயார் போட்டால் இந்தப் பிரச்சினை வராது எண்டு சொல்ல வந்தன். பிறகு யோசிச்சன், அதுவும் பொய். என்ர வாடிக்கையாளர் ஒருவருக்கு வந்தது. கட்டுப்பாட்டுக் கணக்குக்கு நேரடியாய் ஜேர்னல் போட்டிருந்தினம், ஆளின்ர கணக்குக்குப் போகேல்லை. இன்னொருக்கால் மீதிப் பட்டியலை முதல் எடுத்து வச்சிட்டு, பிறகு மாசக் கடைசித் திகதியில ஒரு பில் அடிச்சிட்டு, அதுக்குப் பிறகு பரீட்சை மீதி எடுத்திருந்தினம். திகதி ஒண்டுதான், எடுத்த நேரம் வேற.

கிளாக்கர்பிள்ளை · புதன், பகல் 1.15

சாப்பாட்டு நேரம். ஒன்பதாம் வாய்ப்பாடு அண்ணா, பிடிச்சிட்டன் போல கிடக்கு!

கோப்பாய் மேசன் ஒராளுக்கு 1,710 எண்டு ஒரு பில், பிவிசி பைப்பும் எல்போவும். எங்களிட்ட நிக்கிறது கார்பன் கொப்பி, மங்கிப் போச்சு. உத்துப் பாத்தால் 1,170 எண்டும் வாசிக்கலாம். வித்தியாசம் சரியாய் 540. பேரேட்டில 1,170 எண்டு திருத்தினால் பட்டியல் அச்சொட்டாய்க் கட்டுப்பாட்டுக் கணக்குக்கு வருது. திருத்தட்டோ?

ஒன்பதாம் வாய்ப்பாடு · 1.19

நான் சொன்னனான்தானே 😄 திருத்துங்கோ, வீட்டை போங்கோ.

பழைய பேரேடு · 1.33

பேனையைக் கீழ வையுங்கோ பிள்ளை.

நாளேட்டில அந்தப் பில் எவ்வளவு எண்டு கிடக்கு?

கிளாக்கர்பிள்ளை · 1.36

1,710.

பழைய பேரேடு · 1.50

அப்ப நாளேட்டிலயும் 1,710, பேரேட்டிலயும் 1,710. உண்மையான பில் 1,170 ஆய் இருந்தாலும், ரெண்டையும் சேர்த்துத்தான் திருத்தவேணும். நாளேட்டின்ர மொத்தம் 540 குறையும், கட்டுப்பாட்டுக் கணக்கு 540 குறையும், பட்டியலும் 540 குறையும். வித்தியாசம் அசையாமல் அங்கயே நிக்கும். பில்லில நடந்த பிழை ரெண்டு புத்தகத்துக்கும் ஒரேமாதிரிப் போகும், அது ஒருநாளும் இந்த வித்தியாசத்தை உண்டாக்காது. ஒரு புத்தகத்திலயிருந்து மற்றதுக்குப் போற வழியில நடந்த பிழையைத்தான் தேடுறம்.

ஆனாலும் அந்த மேசனுக்கு ஒருக்கால் கோல் எடுங்கோ. அவரிட்ட மூலப் பில் இருக்கும்.

கிளாக்கர்பிள்ளை · 2.05

எடுத்தன். 1,710 தான். பைப்பின்ர அளவையும் சேர்த்துச் சொன்னார். நல்ல காலம் ஐயா, திருத்தியிருந்தால் அந்தாளிட்டை 540 குறைச்சல்லோ வாங்கியிருப்பம்.

கிளாக்கர்பிள்ளை · புதன், இரவு 9.20

212 கடன் பில். 96 பற்றுச்சீட்டு. உட்திரும்பல், கழிவு எல்லாம் பென்சிலால சரி போட்டு முடிச்சன். ஒரு பில்லும் தப்பேல்லை, ஒரு தொகையும் மாறேல்லை, 270 எண்டு பக்கம் மாறினதும் இல்லை. பொழுதுபடக் கடை பூட்டினாப்பிறகு ஐயா சொன்ன ரெண்டாம் பாதி. பேரேட்டை முதல் பக்கத்திலயிருந்து பிரட்டினன்.

எண்பத்தெட்டாம் பக்கம். சாவகச்சேரிக் கொந்திராத்துக்காரர். வரவுப் பக்கத்தில 17 ஆம் திகதி 18,540, விபரத்தில "செ.தி." எண்டு மட்டும். அதுக்குச் சரி விழேல்லை. எழுத்து என்ர இல்லை, எனக்கு முன்னம் இருந்த அக்காவின்ரயும் இல்லை. ஐயாவின்ர எழுத்து.

பழைய பேரேடு · 9.27

செக் திரும்பினது.

கிளாக்கர்பிள்ளை · 9.40

ஓம். பின்திகதி போட்ட செக். ஓகஸ்டில தந்தது, செப்டெம்பர் 15 க்குப் போட்டது, 17 இல திரும்பி வந்திருக்கு. வங்கி தந்த அறிவித்தல் தாள் ஐயாவின்ர மேசைக் கண்ணாடிக்குக் கீழ கிடந்தது. ஐயா நேர ஆளின்ர பக்கத்தில வரவு வச்சிட்டார், அது சரி. காசேட்டில கொடுப்பனவுப் பக்கத்திலயும் எழுதியிருக்கிறார். ஆனால் எந்தப் பத்தியில எண்டு பாத்தால், வங்கிச் செலவுப் பத்தியில. திரும்பின செக்கையும் வங்கி அறவிட்ட கட்டணத்தையும் பக்கத்துப் பக்கத்து வரியில எழுதேக்க எல்லாம் ஒரே பத்திக்குள்ள போயிட்டுது. மாசக் கடைசியில நான் பத்தி மொத்தத்தை எடுத்து அப்பிடியே வங்கிச் செலவுக்குப் பதிஞ்சிட்டன். வழமையாய் மூவாயிரத்துக்குள்ள வாற வங்கிச் செலவு இந்த மாசம் 21,390. மூக்குக்கு முன்னால நிண்டது, கண்ணில படேல்லை.

இப்ப கேள்வி. கட்டுப்பாட்டுக் கணக்குக்கு 18,540 வரவு வச்சால் அது 2,022,070 ஆகுது. பட்டியல் 2,004,070. 540 ஆய் இருந்த வித்தியாசம் 18,000 ஆய்ப் போச்சு, அதுவும் மற்றப் பக்கம். எனக்கு அழுகை வருது.

கொமேஸ் வாத்தி · 9.52

அப்ப அந்தத் திருத்தம் பிழை. திருத்தினால் வித்தியாசம் குறையவேணும், கூடக்கூடாது.

பழைய பேரேடு · 10.04

திருத்தம் சரியோ பிழையோ எண்டதைத் தாள் சொல்லும், வித்தியாசம் சொல்லாது. செக் திரும்பினது உண்மை, அறிவித்தல் தாள் கையில இருக்கு. அப்ப அது நிக்கட்டும்.

பிள்ளை, அழாதையுங்கோ, இப்பதான் நல்ல இடத்துக்கு வந்திருக்கிறியள். பேரேட்டுக்குப் போன ஒவ்வொரு வரியும் சரி விழுந்திட்டுது. அப்ப பட்டியல் சுத்தம். மிச்சப் பிழை மொத்தத்திலதான் இருக்கவேணும். கட்டுப்பாட்டுக் கணக்கு இப்ப 18,000 கூட நிக்குது, எண்டால் ஒண்டில் விற்பனை மொத்தம் கூட, இல்லாட்டி வந்த காசு, உட்திரும்பல், கழிவு மொத்தத்தில ஒண்டு குறைவு. விற்பனை நாளேட்டில தொடங்குங்கோ. பக்கம் பக்கமாய்க் கூட்டுங்கோ, அதோட ஒவ்வொரு பக்க அடியில இருக்கிற தொகையும் அடுத்த பக்கத் தலையில இருக்கிற தொகையும் ஒண்டோ எண்டு விரலை வச்சுப் பாருங்கோ.

ஒன்பதாம் வாய்ப்பாடு தம்பி, 18,000 ஐயும் 9 ஆல பிரிச்சுப் பாருமன்.

ஒன்பதாம் வாய்ப்பாடு · 10.09

2,000! பத்தாயிரமாம் இடமும் ஆயிரமாம் இடமும். வித்தியாசம் 2. 64 ஐயும் 46 ஐயும் போல, 75 ஐயும் 57 ஐயும் போல. இந்த முறை பாத்துத்தான் சொல்லுறன், ஒண்டுமே இல்லாமலும் இருக்கலாம்.

கணனிக்காரன் · 10.15

இடையில ஒரு சந்தேகம். பின்திகதிச் செக்கை ஓகஸ்டில வாங்கின உடன ஆளின்ர கணக்கில கழிச்சனீங்களோ? அதுதான் அடிப் பிழை. திகதி வரும்வரைக்கும் அது காசில்லை, கடுதாசி. தனி ரிஜிஸ்டரில எழுதி வச்சிட்டு, வங்கியில போடுற நாளிலதான் கணக்குக்குக் கொண்டுவரவேணும்.

சுன்னாகத்தான் · 10.22

அது புத்தகத்துக்குச் சரி தம்பி. இங்க செக்கைத் தந்த உடன ஆள் "என்ர கணக்கில கழிச்சுப் போட்டு மீதி எவ்வளவெண்டு சொல்லு" எண்டு கவுண்டரில நிக்கும். கழிக்காட்டி அடுத்த சீமெந்து மூட்டைக்குக் கடன் கேக்கேக்க சண்டை. நாங்கள் கழிச்சுத்தான் எழுதுறம்.

கணனிக்காரன் · 10.26

அப்ப 18,540 திரும்பும்வரைக்கும் அவர் கடன் இல்லாத ஆளாய்த் தெரியுவார், நீங்கள் இன்னும் கடன் குடுப்பியள். சண்டை இப்பவோ பிறகோ எண்டதுதான் வித்தியாசம்.

பழைய பேரேடு · 10.38

ரெண்டு பேரும் சொல்லுறதிலயும் ஞாயம் இருக்கு. சங்கத்தில நாங்கள் கணக்கில கழிக்காமல் ஆளின்ர பக்கத்தில பென்சிலால குறிச்சு வைப்பம், திகதி வந்தாப் பிறகு மையால. இது எல்லாக் கடைக்கும் சரிவருமோ எண்டு நான் சொல்லமாட்டன்.

கிளாக்கர்பிள்ளை · வியாழன், காலை 7.50

கடை திறக்க முன்னம் வந்திட்டன். நாளேடு ஒன்பது பக்கம். ஒவ்வொரு பக்கமும் கூட்டினது சரி. அஞ்சாம் பக்கத்து அடியில "கீழ் கொண்டு சென்றது 1,146,350". ஆறாம் பக்கத்துத் தலையில "மேலிருந்து கொண்டு வந்தது 1,164,350".

46 உம் 64 உம். விரலை வச்சுப் பாக்கேக்கையும் முதல் ரெண்டு தரம் ரெண்டும் ஒண்டு போலத்தான் தெரிஞ்சுது. மூண்டாம் தரம் ஒவ்வொரு இலக்கமாய் வாய்விட்டு வாசிச்சன், அப்பதான் நாக்குத் தடக்கிச்சுது.

விற்பனை உண்மையில 2,298,480. விற்பனைக்கு வரவு 18,000, கடன்பட்டோருக்குச் செலவு 18,000. கடன்பட்டோருக்கு வரவு 18,540, வங்கிச் செலவுக்குச் செலவு 18,540. ரெண்டையும் பொது நாளேட்டில எழுதிப் பதிஞ்சன். கட்டுப்பாட்டுக் கணக்கு 2,004,070. பட்டியல் 2,004,070.

ஒன்பதாம் வாய்ப்பாடு · 7.58

அப்ப இலக்கம் இடம் மாறினது உண்மைதானே! நான் பாதி சரி.

பழைய பேரேடு · 8.10

பாதி சரி, ஆனால் வேற தொகையில. 18,540 ஒன்பதால பிரிஞ்சது வெறும் தற்செயல். அந்தச் செக் 18,550 எண்டு இருந்திருந்தால் வித்தியாசம் 550 வந்திருக்கும், நீர் ஒன்பதால பிரிச்சுப் பாத்திட்டு "இடம் மாறேல்லை" எண்டு சத்தியம் பண்ணியிருப்பீர்.

பிள்ளை, 540 ஐ அப்பிடியே விட்டிருந்தால் என்ன நடந்திருக்கும் எண்டு பாருங்கோ. விற்பனை 18,000 கூட, வங்கிச் செலவு 18,540 கூட. லாபத்தில 540 மட்டும் குறைவாய்த் தெரியும், ஒருத்தருக்கும் சந்தேகம் வராது. அடுத்த மாசம் ஆரம்ப மீதியே 540 பிழையோட தொடங்கும். அப்ப ரெண்டு மாசத்துப் பில்லையும் தேடவேணும்.

கொமேஸ் வாத்தி · 8.25

சரி, ஒத்துக்கொள்ளுறன். ஆனால் ஒரு கேள்வி. வங்கி அறவிட்ட திரும்பல் கட்டணத்தை அந்தச் சாவகச்சேரி ஆளின்ர கணக்கில வரவு வைக்கலாமோ? நான் வைக்கலாம் எண்டு படிப்பிக்கிறனான்.

சுன்னாகத்தான் · 8.31

வச்சால் ஆள் அடுத்த மாசம் பக்கத்துக் கடைக்குப் போயிடும். நாங்கள் வைக்கிறதில்லை.

கணனிக்காரன் · 8.40

முதல்லயே சொல்லி, பில்லிலயும் எழுதியிருந்தால் வைக்கலாம். சொல்லாமல் வச்சால் சண்டை.

கிளாக்கர்பிள்ளை · 9.05

ஐயாவிட்டைக் கேட்டன், இன்னும் யோசிக்கிறார். இப்பதான் கணக்கைக் கொண்டுபோய்க் காட்டினன். 540 ஐப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. வங்கிச் செலவுப் பத்தியில தன்ர எழுத்தைப் பாத்தார், கண்ணாடியைக் கழட்டித் துடைச்சார், "செக் திரும்பினால் இனி உன்னட்டைத் தாறன், நீ எழுது" எண்டார். பிறகு ஆறாம் பக்கத்தைப் பிரட்டி, "இந்த 64 ஆற்றை எழுத்து?" எண்டு கேட்டார்.

என்ர எழுத்து. அண்டைக்கு ரெண்டு லொறி சீற் இறங்கினது, பில்லும் நான், கணக்கும் நான். இப்ப ஒவ்வொரு பக்க அடியிலயும் தொகையை எழுதி, அடுத்த பக்கத் தலையில எழுதினாப்பிறகு வாய்விட்டு வாசிச்சு, பென்சிலால ஒரு புள்ளி வைக்கிறன். பக்கத்தில நிக்கிற பொடியன் சிரிக்கிறான்.

சுன்னாகத்தான் · 9.12

பொடியன் சிரிக்கிறானோ? லாச்சியை ஒருக்கால் எண்ணிப் பாருங்கோ தங்கச்சி.